ஒரே குழு, நான்கு திட்டங்கள்: தாமதச் செலவைக் கால அளவால் வகுத்து வரிசைப்படுத்தும் முறை

மருந்துக்கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்து ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதுபவர்கள் ஐந்து பேர். அவர்கள் ஒரே குழு. அந்தக் குழுவுக்காக நான்கு திட்டங்கள் காத்திருக்கின்றன. சந்தா முடியப்போகும் கடைக்காரருக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பும் வசதி முதலாவது. யுபிஐ வழியாக வந்த பணத்தை உரிய பில்லோடு பொருத்திக் காட்டும் வசதி இரண்டாவது. பல கிளைகள் வைத்திருக்கும் கடைகளுக்கான பொது இருப்புக் கணக்கு மூன்றாவது. பழைய சர்வர்களை ஒழித்து மாதாந்தர வாடகையைக் குறைக்கும் வேலை நான்காவது. நான்குமே செய்ய வேண்டியவை என்பதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் மாதக்கணக்காக முடிவு எட்டப்படவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பயன்படுத்துவதற்கென்று தெளிவான ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு திட்டமும் ஒரு வாரம் தள்ளிப்போனால் எவ்வளவு பணம் இழக்கிறோம் என்பதைக் கணக்கிட்டு, அதை அந்தத் திட்டம் குழுவைப் பிடித்து வைத்திருக்கும் வாரங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் எதற்கு அதிகமோ அது முதலில் வரும். ஒரே இயந்திரத்தில் பல வேலைகள் காத்திருக்கும்போது இவ்வாறு வரிசைப்படுத்தினால் மொத்த இழப்பு மிகக் குறைவாக இருக்கும் என்பதை டபிள்யூ. இ. ஸ்மித் என்பவர் 1956-லேயே நிறுவிவிட்டார். தொழிற்சாலைத் திட்டமிடலில் பழகிப்போன இந்த விதியைப் புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தவர் டொனால்ட் ரைனர்ட்சன். இன்று மென்பொருள் வட்டாரத்தில் இதைச் சிடி3 என்றும், இதன் ஒரு திரிந்த வடிவத்தை டபிள்யூஎஸ்ஜேஎஃப் என்றும் சொல்கிறார்கள்.

வகுத்தல் கணக்கு ஒரு நிமிட வேலைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் சிக்கிக்கொள்வது வகுத்தலுக்கு முன்னால் உள்ள இரண்டு எண்களிலும், வகுத்த பிறகு எடுக்க வேண்டிய ஒரு முடிவிலும் ஆகும். ஆகவே அவற்றுக்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

முதல் படி: ஒரு வாரத் தாமதத்துக்கு எவ்வளவு இழப்பு?

திட்டத்தின் மொத்த மதிப்பைக் கேட்காதீர்கள். "இந்தத் திட்டம் ஆண்டுக்கு 50 லட்சம் கொண்டுவரும்" என்று சொல்லப்படும் எண் இந்தக் கணக்குக்கு நேரடியாக உதவாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வசதி இன்று கையில் இருந்தால் இந்த வாரத்தில் என்ன நடந்திருக்கும், இல்லாததால் என்ன நடக்கிறது? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ரூபாயில் எழுதினால் அதுவே வாரத் தாமதச் செலவு. மதிப்பு மிகப் பெரிதாக இருந்தும் தாமதச் செலவு ஏறத்தாழ இல்லாத திட்டங்கள் உண்டு. அடுத்த ஏப்ரலில்தான் பயன்பாட்டுக்கு வரும் என்று வாடிக்கையாளரே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலையை இந்த ஜூனில் முடித்தாலும் செப்டம்பரில் முடித்தாலும் பணம் ஒன்றுதான்.

நினைவூட்டல் திட்டத்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். கணக்குப் பிரிவின் பதிவேட்டைப் புரட்டினால் வாரத்துக்குச் சராசரியாகப் பத்துக் கடைகள் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பது தெரிகிறது. அந்தக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசிப் பார்த்ததில் பாதிப் பேர் கடையையே மூடிவிட்டவர்கள், அல்லது வேறு மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று முன்பே தீர்மானித்தவர்கள். அவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியும் பயன் இல்லை. மீதி ஐந்து பேர் வெறுமனே மறந்துபோனவர்கள்.

இங்கே பலர் ஐந்தை ஆண்டுச் சந்தாவான 12,000 ரூபாயால் பெருக்கி 60,000 என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. மறந்துபோன ஐந்து பேரில் இரண்டு பேர் சில வாரங்களில் பில் போட முடியாமல் தாங்களாகவே திரும்பி வந்து பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் தள்ளிப்போகிறதே தவிரத் தொலைந்துபோவதில்லை. மூன்று பேர்தான் நிரந்தரமாகப் போகிறார்கள். எனவே வாரத் தாமதச் செலவு 3 × 12,000, அதாவது 36,000 ரூபாய். தள்ளிப்போகும் வருமானத்தையும் தொலைந்துபோகும் வருமானத்தையும் பிரித்துப் பார்ப்பது இந்தப் படியின் உயிர்நாடி. நான் கலந்துகொண்ட முதல் சில கணக்கீடுகளில் இதைப் பிரிக்காமல் விட்டதால், எல்லாத் திட்டங்களுக்கும் நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண்கள் வந்து, கணக்கு முழுவதையும் யாரும் நம்பாமல் போயிற்று.

பல கிளை இருப்புக் கணக்குக்கு ஆதாரம் விற்பனைப் பிரிவிடம் இருக்கிறது. கடந்த காலாண்டின் 13 வாரங்களில் 26 விசாரணைகள் இந்த வசதி இல்லை என்று சொல்லி நின்றுபோயிருக்கின்றன. அவற்றில் பாதி, வசதி இருந்திருந்தாலும் விலையையோ வேறு குறையையோ காட்டி நின்றுபோயிருக்கும் என்று விற்பனைப் பிரிவின் தலைவரே ஒப்புக்கொள்கிறார். ஆக வாரத்துக்கு ஒரு விற்பனை போகிறது. கிளைகள் கொண்ட கடைக்குச் சந்தா அதிகம். செலவு போக ஒரு லட்சம் நிற்கும். வாரத் தாமதச் செலவு 1,00,000.

சர்வர் வேலைக்குக் கணக்கு எளிது. மாதாந்தர பில்லைப் பார்த்து, அணைக்கப்போகும் இயந்திரங்களின் வாடகையை வாரத்துக்கு மாற்றினால் 20,000 வருகிறது. யுபிஐ பொருத்தத்துக்கு, பணம் வந்ததா என்று கேட்டு வாரத்துக்கு ஏறக்குறைய 150 அழைப்புகள் உதவி மையத்துக்கு வருகின்றன; ஓர் அழைப்பைக் கையாள 100 ரூபாய் ஆகிறது என்று வைத்தால் 15,000.

இந்த எண்களில் எதுவும் துல்லியமானதல்ல, துல்லியமாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் எந்தப் பதிவேடு, எந்த அனுமானம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "பாதிப் பேர் மறந்தவர்கள்" என்ற அனுமானம் எழுத்தில் இருந்தால் பிறர் அதை மறுக்க முடியும், திருத்தவும் முடியும். வெறும் 36,000 என்ற எண்ணோடு யாரும் வாதாட முடியாது. நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: குழு எத்தனை வாரம் பிடிபட்டிருக்கும்?

வகுக்கும் எண்ணாக ஆள்-நாள் கணக்கை எடுக்கக் கூடாது. அந்தத் திட்டம் நடக்கும்போது மற்றத் திட்டங்கள் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதே இங்கு வேண்டிய அளவு. யுபிஐ வேலையில் எழுதி முடித்த பிறகு வங்கியின் ஒப்புதலுக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த மூன்று வாரமும் குழு வேறு வேலை பார்க்க முடியும் என்றால் அது கால அளவில் சேராது. அதே காத்திருப்பில் குழுவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தால் சேரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஐந்து பேரில் தரவுத்தளம் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே என்றும், நான்கு திட்டங்களும் அவரையே எதிர்பார்த்து நிற்கின்றன என்றும் இருந்தால், உண்மையில் காத்திருப்பது அவருக்காகத்தான். அப்போது அவருடைய வாரங்களால் வகுப்பதே சரி.

நம் நிறுவனத்தில் இத்தகைய நெருக்கடி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கால அளவுகளை எழுதி வகுத்தால் கிடைப்பது இது:

| திட்டம் | வாரத் தாமதச் செலவு (ரூ.) | வாரங்கள் | வகுத்த எண் |
|---|---|---|---|
| சர்வர் குறைப்பு | 20,000 | 1 | 20,000 |
| நினைவூட்டல் | 36,000 | 3 | 12,000 |
| பல கிளை இருப்பு | 1,00,000 | 10 | 10,000 |
| யுபிஐ பொருத்தம் | 15,000 | 5 | 3,000 |

மூன்றாம் படி: வரிசையைச் சோதித்துப் பார்த்தல்

வகுத்த எண்ணை அப்படியே ஏற்கச் சொன்னால் விற்பனைப் பிரிவு ஏற்காது. வாரத்துக்கு ஒரு லட்சம் போகும் திட்டம் ஏன் மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கு விடை சொல்ல அடுத்தடுத்துள்ள இரண்டு திட்டங்களை மட்டும் எடுத்து இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நினைவூட்டலை முன்னால் வைத்தால் பல கிளைத் திட்டம் 3 வாரம் கூடுதலாகக் காத்திருக்கும்; இழப்பு 3 × 1,00,000, அதாவது 3,00,000. பல கிளையை முன்னால் வைத்தால் நினைவூட்டல் 10 வாரம் காத்திருக்கும். இழப்பு 10 × 36,000, அதாவது 3,60,000. இரண்டாவது ஏற்பாட்டில் 60,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள எந்த இரண்டையும் இப்படியே சோதிக்கலாம், எந்த இடமாற்றமும் இழப்பைக் குறைக்கவில்லை என்றால் வரிசை சரி. ஸ்மித் நிறுவியதும் இந்த வழியில்தான். கணக்கில் பழக்கம் இல்லாதவரிடம் இந்த இரண்டு பெருக்கல்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் வகுத்தல் விதியை விளக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

முழு வரிசைக்கும் மொத்த இழப்பைப் பார்க்க ஒரு விரிதாள் போதும். முதல் வரியைத் தலைப்புகளுக்கு விட்டு, A-யில் பெயர், B-யில் வாரத் தாமதச் செலவு, C-யில் வாரங்கள் என இரண்டாம் வரியிலிருந்து எழுதுங்கள். பிறகு D2, E2, F2 ஆகிய கட்டங்களில் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2/C2
=SUM(C$2:C2)
=B2*E2
```

D வகுத்த எண். E அந்தத் திட்டம் முடியும் வாரம். F இன்றிலிருந்து அது முடியும் வரை அதனால் ஏற்படும் இழப்பு. F-இன் கூட்டுத்தொகையே ஒரு வரிசையின் விலை. A முதல் C வரை உள்ளவற்றை விரும்பியபடி இடம் மாற்றி, கூட்டுத்தொகை என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

மேலே உள்ள வரிசைக்குக் கூட்டுத்தொகை 18,49,000 ரூபாய். வாரத் தாமதச் செலவு அதிகமானதை முதலில் எடுத்து, பல கிளை, நினைவூட்டல், சர்வர், யுபிஐ என்று போனால் 20,33,000. சிறியதை முதலில் முடிப்போம் என்று சர்வர், நினைவூட்டல், யுபிஐ, பல கிளை என்று போனால் 21,99,000. எல்லோரையும் திருப்திப்படுத்த நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்கி, குழுவின் நேரத்தை மீதமிருக்கும் திட்டங்களுக்குச் சமமாகப் பகிர்ந்துகொடுத்தால் சர்வர் வேலை 4-ஆம் வாரத்திலும், நினைவூட்டல் 10-ஆம் வாரத்திலும், யுபிஐ 14-ஆம் வாரத்திலும், பல கிளை 19-ஆம் வாரத்திலும் முடியும், இழப்பு 25,50,000. வேலை மாறும்போது வீணாகும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. ஒன்றை விட்டு ஒன்றைத் தொடுவதால் ஏற்படும் களைப்பையோ பிழைகளையோ காட்டாமல், வெறும் கூட்டல் பெருக்கலிலேயே நான்கையும் ஒன்றாகத் தொடங்குவது மிக மோசமான தேர்வு என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஓர் எண்ணுக்காகவே விரிதாளைப் போட்டுப் பார்ப்பது தகும் என்பேன்.

நான்காம் படி: பெரியதை உடைத்தல்

பெரும்பாலோர் வரிசை கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். உண்மையான பயன் அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்வியில் இருக்கிறது: பத்து வாரத் திட்டத்தின் எந்தப் பகுதியை முன்னதாக வெளியிட்டால் இழப்பின் பெரும்பகுதி நிற்கும்?

பல கிளைத் திட்டத்தைக் கேட்டு வந்த கடைக்காரர்களோடு பேசும்போது, அவர்களில் பலருக்கு உடனடித் தேவை ஒன்றே ஒன்று என்று தெரியவருகிறது என்று கொள்வோம். ஒரு கிளையில் இல்லாத மருந்து இன்னொரு கிளையில் இருக்கிறதா என்று கல்லாவிலிருந்தே பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் சீட்டை நீட்டி நிற்கும்போது கடைப் பையன் மற்றக் கிளைக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்கும் நிலை மாறினால் போதும். கிளைகளுக்கிடையே சரக்கு மாற்றும் ரசீது, ஒருங்கிணைந்த கொள்முதல், கிளைவாரி லாபக் கணக்கு ஆகியவை பின்னால் வரலாம். இந்த முதல் பகுதி மூன்று வாரத்தில் முடியும். அது மட்டும் இருந்தாலே வாரத்துக்குப் போகும் ஒரு லட்சத்தில் 60,000 நின்றுவிடும். மீதி ஏழு வாரப் பகுதிக்கு 40,000 தாமதச் செலவு.

இப்போது முதல் பகுதியின் வகுத்த எண் 60,000 ÷ 3, அதாவது 20,000. அது சர்வர் வேலைக்குச் சமமாக மேலே ஏறிவிடுகிறது. இரண்டாம் பகுதி ஏறத்தாழ 5,700-க்கு இறங்கி நினைவூட்டலுக்குக் கீழே போகிறது. புதிய வரிசை: சர்வர், பல கிளை முதல் பகுதி, நினைவூட்டல், பல கிளை இரண்டாம் பகுதி, யுபிஐ. மொத்த இழப்பு 13,57,000. உடைக்காத சரியான வரிசையோடு ஒப்பிட்டால் 4,92,000 ரூபாய் மிச்சம். மூன்று மோசமான வரிசைகளில் ஒன்றை விட்டுச் சரியான வரிசைக்கு வந்ததால் கிடைத்தது இரண்டு முதல் ஏழு லட்சம். ஒரு திட்டத்தை உடைத்ததால் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் கிடைத்திருக்கிறது. விற்பனைப் பிரிவும் தான் கேட்டதில் பெரும்பங்கை 4-ஆம் வாரத்திலேயே பெற்றுவிடுகிறது.

உடைக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. முதல் பகுதி தனியாக வெளியிடப்பட்டு, தனியாகப் பணத்தை நிறுத்த வேண்டும். "முதல் மூன்று வாரம் வடிவமைப்பு, அடுத்த ஏழு வாரம் எழுதுதல்" என்று உடைத்தால் முதல் பகுதிக்குத் தாமதச் செலவு என்று ஒன்றும் இல்லை. வடிவமைப்பு ஆவணத்தைப் பார்த்து எந்தக் கடைக்காரரும் சந்தா கட்டமாட்டார்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும். தனக்கென்று பணம் எதையும் கொண்டுவராத, ஆனால் வேறொன்றுக்கு முன்தேவையாக உள்ள வேலைகள் இருக்கும். தரவுத்தள அமைப்பை மாற்றும் இரண்டு வார வேலை முடிந்தால்தான் பல கிளை முதல் பகுதியைத் தொடங்க முடியும் என்றால், இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி 60,000 ÷ 5, அதாவது 12,000 என்று கணக்கிடுங்கள். தனியாக வைத்தால் தரவுத்தள வேலைக்குச் சுழியம் கிடைத்து, அது பட்டியலின் அடியிலேயே கிடக்கும். அதைச் சார்ந்த நல்ல திட்டமும் அதோடு மூழ்கும்.

ஐந்தாம் படி: தேதி குறித்த வேலைகளைத் தனியே வைத்தல்

மேலே பார்த்த நான்கும் வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் இழப்பைத் தருபவை. அந்த நிபந்தனை இருக்கும் வரைதான் வகுத்தல் விதி சரியாக இருக்கும். குறிப்பிட்ட தேதி வரை இழப்பே இல்லாமல், தேதி தாண்டியதும் பெரிதாக வெடிக்கும் வேலைகளுக்கு இது பொருந்தாது.

மருந்துக்கடை மென்பொருள் செய்பவர்கள் இதை 2025-இல் நேரில் கண்டார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியமைத்தது. பெரும்பாலான மருந்துகள் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு வந்தன. புதிய விகிதங்கள் செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. இடையில் மூன்று வாரம்கூட இல்லை. 21-ஆம் தேதி வரை இந்த மாற்றம் மென்பொருளில் இல்லாததால் ஒரு கடைக்கும் இழப்பு இல்லை. 22-ஆம் தேதி காலை முதல் பில்லில் போடும் வரி தவறு.

இத்தகைய வேலையின் இழப்பை வாரங்களுக்குப் பரப்பிச் சராசரி எடுத்து வகுத்தால், அது தேவைக்கு மிக முன்னதாகவோ மிகத் தாமதமாகவோ வந்து நிற்கும். இதை வரிசையில் கலக்காமல், தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இடம் குறிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒரு வார வேலை, 6-ஆம் வார முடிவுக்குள் முடிய வேண்டும் என்று கொள்வோம். உடைத்த பிறகு கிடைத்த வரிசைப்படி 4-ஆம் வார முடிவில் பல கிளை முதல் பகுதி முடிகிறது, 5 முதல் 7 வரை நினைவூட்டல். வரி வேலையை நினைவூட்டலுக்கு முன்னால் செருகினால் நினைவூட்டல், பல கிளை இரண்டாம் பகுதி, யுபிஐ ஆகிய மூன்றும் ஒரு வாரம் தள்ளிப்போகும். செலவு 36,000 + 40,000 + 15,000, மொத்தம் 91,000. பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தால் சர்வரும் பல கிளை முதல் பகுதியும்கூடத் தள்ளிப்போய் 1,71,000 ஆகும். நினைவூட்டலின் நடுவில் நிறுத்தி 6-ஆம் வாரத்தில் செய்தாலும் செலவு அதே 91,000-தான், ஆனால் தேதிக்கு முன் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது. எனவே இடம் தெளிவு: 5-ஆம் வாரம். அங்கு வைத்தால் ஒரு வாரம் கையிருப்பாகவும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். "தேதி" என்று சொல்லப்படுபவை எல்லாம் தேதிகள் அல்ல. அரசு அறிவிப்போ ஒப்பந்தத் தண்டனையோ பண்டிகைக் காலமோ பின்னால் இருந்தால் அது தேதி. மேலாளர் கூட்டத்தில் வாய்விட்ட நாள் என்றால், அந்த நாள் கடந்து ஒரு வாரம் ஆனால் என்ன போகும் என்று கேளுங்கள். விடை ஒன்றும் இல்லை என்றால் அந்தத் திட்டம் மற்றவற்றோடு சேர்ந்து வகுத்தலுக்கே வர வேண்டும்.

எண்கள் தவறினால்

நினைவூட்டலுக்கும் உடைக்காத பல கிளைத் திட்டத்துக்கும் வகுத்த எண்கள் 12,000, 10,000 என நெருக்கமாக இருந்தன. நினைவூட்டல் மூன்றுக்குப் பதில் நான்கு வாரம் எடுத்தால் அதன் எண் 9,000 ஆகி வரிசை தலைகீழாகும். இதனால் கணக்கே வீண் என்று தோன்றலாம். ஆனால் தவறான வரிசைக்கு எவ்வளவு விலை என்று பாருங்கள்: நான்கு வாரம் ஆகும் நினைவூட்டலை முன்னால் வைத்ததால் 4,00,000 போகிறது, பின்னால் வைத்திருந்தால் 3,60,000 போயிருக்கும். வேறுபாடு 40,000, மொத்த இழப்போடு ஒப்பிட்டால் சிறியது. எண்கள் நெருங்கியிருந்தால் எந்த வரிசையும் ஏறத்தாழ ஒன்றே, ஆகவே அங்கே வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம். 20,000-க்கும் 3,000-க்கும் உள்ள இடைவெளியோ மதிப்பீடு இருமடங்கு தவறினாலும் மாறாது.

கவலைப்பட வேண்டிய தவறு வேறொன்று. ரூபாய்க் கணக்குப் போடுவது கடினம் என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து வகுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் மென்பொருள் குழுக்களுக்கான வழிமுறைத் தொகுப்பான ஸ்கேல்டு அஜைல் ஃபிரேம்வொர்க் சொல்லும் டபிள்யூஎஸ்ஜேஎஃப் முறையில் வணிக மதிப்பு, நேர நெருக்கடி, ஆபத்துக் குறைப்பு ஆகிய மூன்றுக்கும் ஒப்பீட்டு மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, வேலையின் அளவால் வகுக்கிறார்கள். பேச்சைத் தொடங்க அது உதவும். ஆனால் மதிப்பெண் கொடுக்கும்போது மனிதர்கள் உயர்ந்ததைத் தாழ்த்தியும் தாழ்ந்ததை உயர்த்தியும் நடுவே குவிக்கிறார்கள். யுபிஐக்கு 5, பல கிளைக்கு 10 என்று போடுவது இயல்பாகத் தோன்றும். ரூபாயில் அந்த இடைவெளி இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ ஏழு மடங்கு. இடைவெளி இப்படிச் சுருங்கினால் கால அளவு மட்டுமே வரிசையைத் தீர்மானிக்கத் தொடங்கும். சிறிய வேலைகள் எப்போதும் மேலேயும் பெரியவை எப்போதும் கீழேயும் போகும். உங்கள் பட்டியலில் பெரிய திட்டம் எதுவும் மாதக்கணக்கில் மேலே வரவே இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கணக்கை எப்போது மீண்டும் போடுவது

ஒரு திட்டம் முடியும்போதும், புதியது ஒன்று வரும்போதும் போட்டால் போதும். நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு மீதமுள்ள வாரங்களால் மட்டும் வகுக்க வேண்டும். ஏற்கெனவே செலவான வாரங்கள் கணக்கில் இல்லை. பல கிளை இரண்டாம் பகுதியில் ஏழில் ஐந்து வாரம் முடிந்திருந்தால் அதன் எண் 40,000 ÷ 2, அதாவது 20,000. புதிதாக வந்து 15,000 காட்டும் திட்டம் அதை இடையில் நிறுத்தக் கூடாது. தொடங்கிய வேலையின் எண் முடிவை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும் என்பதால், பாதியில் நிறுத்துவது எப்போதாவதுதான் சரியாக இருக்கும். மாறாக, இரண்டு வாரம் மீதம் என்று நினைத்த இடத்தில் இன்னும் எட்டு வாரம் ஆகும் என்று தெரியவந்தால் எண் 5,000-க்கு விழுகிறது. அப்போது அந்த 15,000 திட்டம் முன்னால் வருவதே முறை. இதுவரை போட்ட உழைப்பு வீணாகிறதே என்ற வருத்தம் உண்மையானதுதான், என்றாலும் அந்த உழைப்பு எந்த வரிசையிலும் திரும்பி வராது.

திட்டம் வெளியான பிறகு இன்னொரு முறை பதிவேட்டைத் திறங்கள். நினைவூட்டல் போகத் தொடங்கி எட்டு வாரம் ஆனதும், புதுப்பிக்காமல் போகும் கடைகள் வாரத்துக்குப் பத்திலிருந்து எத்தனையாகக் குறைந்திருக்கின்றன என்று எண்ணி, "மூன்று பேர்" என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிவிடுங்கள். அடுத்த பட்டியலில் இதே போன்ற திட்டம் வரும்போது அனுமானத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.